தேதி சொல்லும் எண், வேலை சொல்லும் எண்

உபுண்டு இயங்குதளத்தின் பதிப்பு எண் உண்மையில் ஒரு தேதி. 24.04 என்றால் 2024 ஏப்ரலில் வெளிவந்தது என்று பொருள். 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பு ஜூனுக்குத் தள்ளிப்போனபோது, 6.04 ஆக இருக்கவேண்டிய அதன் எண் 6.06 ஆயிற்று. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 14, 16 போன்றவையோ வெறும் வரிசை எண்கள். அவற்றைப் பார்த்து வெளிவந்த ஆண்டைச் சொல்ல முடியாது.

தேதி எண் ஆயுளைக் கணக்கிட உதவும். இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வருவது நெடுங்கால ஆதரவுப் பதிப்பு. அதற்கு 5 ஆண்டுகள் வழக்கமான பராமரிப்பு உண்டு. இடைப்பட்ட பதிப்புகளுக்கு 9 மாதங்கள்தான். அதனால் 22.04-ஐவிடப் புதியதான 23.10-க்குப் பராமரிப்பு 2024 ஜூலையிலேயே முடிந்தது, 22.04-க்கு 2027 வரை இருக்கிறது. பெரிய எண்ணுக்கு நீண்ட ஆயுள் என்று கொள்வது இங்கே பிழை. பதிப்பு மாறும்போது எவ்வளவு மாறும் என்பதையும் தேதி சொல்லாது.

அதைச் சொல்வது வரிசை எண். போஸ்ட்கிரெஸில் 16.3-லிருந்து 16.4-க்குப் போவது திருத்தம் மட்டுமே. நிரலை மாற்றி, நிறுத்தித் தொடங்கினால் போதும். தரவுக் கோப்புகள் அப்படியே இருக்கும். 14-லிருந்து 16-க்குப் போனால் பழைய கோப்புகளைப் புதிய நிரல் அப்படியே ஏற்காது. தரவை இடம்மாற்ற வேண்டும். இந்த எண்ணிலும் ஒரு பொறி உண்டு. 2017-இல் 10 வெளிவரும்வரை முதல் இரண்டு எண்களும் சேர்ந்தே பெரும்பதிப்பைக் குறித்தன. ஆகவே 9.5-லிருந்து 9.6-க்கு மாறியதும் இடமாற்றம்தான்.

இரண்டும் ஒரே கணினியில் சந்திக்கும்போது சிக்கல் தெரியும். உபுண்டு 22.04-இல் போஸ்ட்கிரெஸ் 14 ஓடுகிறது என்று கொள்வோம். அந்தப் பதிப்பில் இருப்போருக்கு 24.04-க்கான அழைப்பு 24.04.1 வந்த பிறகே கிடைத்தது. கடைசி 1 மாதமல்ல, திருத்தத் தொகுப்பின் வரிசை. 20.04-இல் இருப்பவர் நேரே தாவ முடியாது, 22.04 வழியாகவே வரவேண்டும். இயங்குதளம் மாறி முடிந்ததும் எல்லாம் சரியாக ஓடுவதுபோலத் தோன்றும். ஆனால் இந்தக் கட்டளை உண்மையைக் காட்டும்:

```
pg_lsclusters
```

தரவு இன்னும் 14-இலேயே இருக்கும். 24.04-இன் களஞ்சியத்தில் உள்ளது 16 மட்டுமே என்பதால், அந்த 14-க்கு அங்கிருந்து இனிப் பாதுகாப்புத் திருத்தம் வராது. `pg_upgradecluster` கொண்டு தரவைத் தனியே மாற்ற வேண்டும். வழக்கமான முறையில் அது தரவைப் படியெடுப்பதால், வட்டில் இன்னொரு பிரதிக்கு இடமும் சேவையை நிறுத்தும் நேரமும் தேவை.

எனவே மேம்பாட்டுத் திட்டத்தில் கெடுநாளை உபுண்டுவின் தேதி எண்ணிலிருந்தும், சேவை நிறுத்த நேரத்தைத் தரவுத்தளத்தின் வரிசை எண்ணிலிருந்தும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும்.