முதலாவதாக வருவதுதான் மலிவு என்று யார் சொன்னது?

லீவு வந்துவிட்டால் எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே கதைதான். நுவரெலியாவில் ரூம் எவ்வளவு? "விலை ஒப்பிடும் தளத்தில் பார்த்தோம், முதலாவதாக வந்ததைப் போட்டுவிட்டோம், அதுதானே குறைவு" என்பார்கள்.

எல்ல ஸ்டேஷனில் இறங்கும் வெள்ளைக்காரரைச் சில ஆட்டோக்காரர் எந்த கெஸ்ட் ஹவுஸுக்குக் கூட்டிப் போவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். கொமிஷன் கூடத் தரும் இடத்துக்கு. அதைச் சொல்லிச் சிரிக்கிற நாங்களே, அதே வேலையை போன் செய்தால் நம்பிவிடுகிறோம்.

இந்தத் தளங்கள் எங்களிடம் ஒரு சதமும் கேட்பதில்லை. நாங்கள் ஒரு விலையை அழுத்தியதும் புக்கிங் நிறுவனத்தின் பக்கம் திறக்கிறதல்லவா? அந்த ஓர் அழுத்தலுக்கு அந்த நிறுவனம் தளத்துக்குக் காசு கொடுக்கிறது. நாங்கள் ரூம் எடுக்காவிட்டாலும் கொடுக்கிறது. உதாரணத்துக்கு, ஒரே ஹோட்டலில் ஒரே ரூமை ஒரு நிறுவனம் 13,000 ரூபாய்க்கும் இன்னொன்று 14,500க்கும் போடுகிறது என்று வையுங்கள். இரண்டாவது நிறுவனம் அழுத்தலுக்குக் கூடக் கொடுத்தால், பெரிய எழுத்தில் மேலே 14,500 வரக்கூடும். 13,000 கீழே, இன்னொரு தடவை அழுத்தித் திறக்கும் இடத்தில் கிடக்கும்.

இது எங்கள் சந்தேகமல்ல, நீதிமன்றத்தில் நிரூபணமானது. ஹோட்டல் விலை ஒப்பிடும் ட்ரிவாகோ தளத்துக்கு எதிராக அவுஸ்திரேலிய நுகர்வோர் ஆணைக்குழு வழக்குப் போட்டது. மக்களைத் தவறாக வழிநடத்தியதாக 2020இல் தீர்ப்பு வந்தது. ஆராய்ந்த பட்டியல்களில் மூன்றில் இரண்டு பங்கில், மேலே காட்டிய விலையை விடக் குறைந்த விலை அதே பட்டியலில் இருந்திருக்கிறது. இன்னொரு வித்தையும் செய்திருக்கிறார்கள். கோடு போட்டு வெட்டிக் காட்டிய "பழைய விலை" சில இடங்களில் அதே ஹோட்டலின் ஆடம்பர ரூமுக்குரியது! சாதா ரூமை அதோடு ஒப்பிட்டால் கழிவு பெரிதாகத்தானே தெரியும். 2022இல் விதித்த தண்டப்பணம் 44.7 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர்.

"இலவசமாகத் தருபவனும் உழைக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். உழைக்கட்டும். "உங்களுக்கு மலிவானதைத் தேடித் தருகிறோம்" என்று விளம்பரம் போட்டுவிட்டு, காசு கூடத் தந்தவனை மேலே வைப்பதைத்தான் நாங்கள் பிழை என்கிறோம்.

வரிசையை "விலை குறைந்தது முதலில்" என்று மாற்றிப் பாருங்கள். அதுவும் முழுத் தீர்வல்ல. தளத்தில் சேராத ஹோட்டல் எந்த வரிசையிலும் வராது. வரியும் 10 வீத சேர்விஸ் சார்ஜும் சில இடங்களில் கடைசிப் பக்கத்தில்தான் கூடும், ஆகவே கடைசித் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். பிறகு ஹோட்டலுக்கே ஒரு கோல் எடுத்து நேரடி விலை கேளுங்கள். புக்கிங் நிறுவனத்துக்குப் போகும் கொமிஷன் அவர்களுக்கு மிஞ்சுவதால் குறைத்துக் கொடுக்க இடமுண்டு.