ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடு

போன மாதம் ஒரு ராத்திரி டியூட்டி. ரெண்டேகால் மணிக்கு வார்டு போன் அடித்தது. மேல்மாடி எலும்பு வார்டில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் தோழி பேசினாள். "உங்க ஊர்ப் பாட்டி ஒருத்தங்க இங்க இருக்காங்க. இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது நாள். கத்திக்கிட்டே இருக்காங்க, கையில இருக்கற ஊசியைப் பிடுங்கறாங்க. ஆறுதலா சொல்ல ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடு, போதும்" என்றாள்.

எந்த ஊர் என்று கேட்டேன். "ஆந்திரா, சித்தூர். மொழி தெலுங்குன்னு எழுதியிருக்கு" என்றாள்.

சித்தூர் என் சொந்த ஊர். படித்தது திருப்பதியில். சந்தோஷத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "பயபடகண்டி அம்மா, ஏமீ காது." பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது என்று அர்த்தம்.

பத்து நிமிடத்தில் மறுபடி போன். "சொன்னேன். முன்னைவிட அதிகமா கத்துறாங்க. நோவுது, நோவுதுன்னு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்றாங்க."

எனக்கு தூக்கிவாரிப் போட்டது. வலியைத் தெலுங்கில் நொப்பி என்பார்கள். நோவுது என்பது எங்கள் பக்கத்துத் தமிழ். பாட்டி வலிக்குது என்று கத்த, நாங்கள் இரண்டு நர்சுகளும் சேர்ந்து, அதுவும் வேறொரு மொழியில், "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருக்கிறோம்.

அந்த ராத்திரியில் இரண்டு தப்பு நடந்தது. இரண்டுமே நம் வீட்டுப் பெரியவர்கள் யாருக்கும் நடக்கக்கூடியது என்பதால்தான் எழுதுகிறேன்.

முதல் தப்பு, மாநிலத்தை வைத்து மொழியை முடிவு செய்தது. சித்தூர் பகுதி ஒரு காலத்தில் வட ஆற்காடு ஜில்லா. 1911ல் சித்தூர் தனி ஜில்லா ஆனது. 1953ல் ஆந்திர மாநிலத்தோடு போனது. 1960ல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. 2022ல் திருப்பதியும் தனி மாவட்டமாகிவிட்டது. கோடுகள் நகர்ந்ததே தவிர வீடுகள் நகரவில்லை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வைத்தியத்துக்கு வேலூர் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பகலில், தெம்பாக இருக்கும்போது, எதிரே இருப்பவர் எந்த மொழியோ அதில் பேசுவோம். ராத்திரி வலியில் வீட்டு மொழிதான் வாயில் வரும். எனக்கே இது தெரியும், ஆனாலும் கேட்கத் தோன்றவில்லை. "எந்த ஊர்" என்பதற்குப் பதிலாக "வீட்டில் பிள்ளைகளை எந்த மொழியில் திட்டுவாங்க" என்று கேட்டிருக்க வேண்டும் :-)

இந்தத் தப்பு ஆறுதலோடு நிற்பதில்லை. இங்கே வயதானவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு குழம்பியிருக்கிறார்களா என்று பார்க்க ஒரு சின்னப் பரிசோதனை உண்டு. வயது என்ன, பிறந்த தேதி என்ன, இது எந்த இடம், இது எந்த வருஷம் என்று கேட்பார்கள். பிறகு டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வார்கள். சித்திரை, வைகாசி என்று எண்ணிப் பழகிய பாட்டியிடம் இதை இங்கிலீஷில் கேட்டால் என்ன ஆகும்? "குழப்பம்" என்று எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர் கத்துவதெல்லாம் குழப்பத்தின் கணக்கில் சேரும். வலியின் கணக்கில் சேராது.

இரண்டாவது தப்பு, நான் கொடுத்த வாக்கியம். மொழி சரியாக இருந்திருந்தாலும் அது தப்பான வாக்கியம்தான். "ஒண்ணும் ஆகாது" என்பது ஒரு வாக்குறுதி, அதைக் கொடுக்க ஒரு நர்சால் முடியாது. "பயப்படாதீங்க" என்பது, பயப்படுகிறவரிடம் உன் பயம் தேவையற்றது என்று சொல்வது. "வலிக்குதா?" என்று கேட்கலாமே என்பீர்கள். ஒரே ஒரு வாக்கியம் தெரிந்தவர் கேள்வி கேட்கக்கூடாது. கேட்டால் பாட்டி பத்து வாக்கியத்தில் பதில் சொல்வார், இவளுக்கு ஒன்றும் புரியாது. தமிழ் தெரிந்த ஆள் வந்துவிட்டாள் என்று நம்பியவர், ஏமாந்து இன்னும் தனியாகிப் போவார்.

யோசித்துவிட்டு வேறு வாக்கியம் கொடுத்தேன். "அம்மா, நான் இங்கதான் இருக்கேன்." இதற்குப் பதில் வேண்டாம். இதில் பொய் இல்லை. சொல்லிவிட்டு நகர்ந்தால்தான் பொய்யாகும். அதனால் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரமாவது நிற்க முடிந்தால் மட்டும் சொல் என்றேன். "அம்மா" தமிழானாலும் தெலுங்கானாலும் ஒன்றுதான், அதை முதலில் சொல்லி நிறுத்தச் சொன்னேன். உச்சரிப்பு அவளுக்குக் கஷ்டமாக இல்லை. தகாலோகில் ங் ஒலி உண்டு, அதனால் "இங்க" சுலபமாக வந்துவிட்டது. "தான்" என்பதை இங்கிலீஷ் மாதிரி சொல்லாதே, உங்கள் ஊர் 'த' மாதிரியே நாக்கைப் பல்லில் வைத்துச் சொல் என்றதும் அதுவும் வந்துவிட்டது.

ஆனால் அந்த வாக்கியம் ஒரு கதவுதான், அதற்கு மேல் அதை நம்பக்கூடாது. தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் போனில் கூப்பிடு, தெலுங்கு என்று கேட்டுவிடாதே என்றேன். வலி எங்கே, எவ்வளவு, மருந்து ஒத்துக்கொள்ளுமா என்பதையெல்லாம் அவர் மூலமாகத்தான் கேட்க வேண்டும். நானே கேட்டுச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் வேறு வார்டில் என் நோயாளிகளை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன், மொழிபெயர்ப்பு என் பயிற்சியும் இல்லை.

கேட்டதில் தெரிந்தது இதுதான். அசையாமல் படுத்திருந்தால் பாட்டிக்கு வலி இல்லை. திரும்பிப் படுத்தால் உயிர் போகிறது. தேவைப்பட்டால் கொடுக்கலாம் என்று வலி மருந்து எழுதியிருந்தது, ஆனால் "தேவை" என்று பாட்டி சொன்னது யாருக்கும் புரியவில்லை. சாயங்காலம் "ஓகே?" என்று கேட்டதற்குத் தலையை ஆட்டியிருக்கிறார். நம் ஊர்த் தலையாட்டல், "வலி இல்லை" என்று பதிவாகிவிட்டது. மருந்து கொடுத்து அரைமணியில் தூங்கிவிட்டார்.

அப்பா அம்மாவை ஊரிலிருந்து கூட்டி வரும் எல்லோருக்கும் சொல்கிறேன். இன்ஷூரன்ஸ் பேப்பரோடு ஒரு சின்ன அட்டையும் அவர்கள் பையில் இருக்கட்டும். வீட்டில் பேசும் மொழி எது, தெரிந்த இன்னொரு மொழி எது என்று தனித்தனியாக எழுதுங்கள். வலிக்கு, தண்ணீருக்கு, பாத்ரூமுக்கு அவர்கள் வாயில் வரும் சொல்லை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தம் போடுங்கள். எங்கள் வீட்டில் என்றால் அது "வலி" இல்லை, "நோவு". எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதையும், தலையை ஆட்டினால் சம்மதம் என்று எடுக்கவேண்டாம் என்பதையும் எழுதுங்கள்.

யாராவது நர்ஸ் உங்களிடம் ஒரு வாக்கியம் கேட்டால் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுங்கள். கூடவே ஒன்று கேளுங்கள்: "அவங்க இப்ப என்ன சொல்லிக்கிட்டு இருக்காங்க?" நான் முதல் போனிலேயே அதைக் கேட்டிருந்தால், பாட்டி பத்து நிமிடம் முன்னாடியே தூங்கப் போயிருப்பார்.