பட்டியலில் ஏறிய பெரியப்பா

எங்கள் பெரியப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் 2019-இல் அவர் ஒரு ஆய்வேட்டின் ஆதாரப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டார். அகரவரிசைப்படி அவருக்கு மேலே அச்சான ஒரு நூல், கீழே ஒரு அரசு அறிக்கை, நடுவில் அவர் பெயர். பெயருக்குப் பின்னால் 'நேர்காணல், முகத்துவாரக்குப்பம்' என்றும் ஒரு தேதியும். இப்படிப் பதினான்கு பேர் எங்கள் குப்பத்திலிருந்து அந்தப் பட்டியலில் ஏறியிருந்தார்கள். அவர்களில் நானும் ஒருவன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் பேசியதை யாரும் பதிவு செய்யவில்லை. அந்த இளைஞர் குறிப்பெடுத்ததாகக்கூட எனக்கு நினைவில்லை.

இதில் என்ன குற்றம், மீனவனுக்கும் பட்டியலில் இடம் கொடுத்தது நல்லதுதானே என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். முற்போக்கான கேள்விதான். கேட்டவர்கள் ஆதாரப் பட்டியலை மரியாதைப் பந்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டியல் ஒரு முகவரி. முன்பின் தெரியாத ஒரு வாசகன் அந்த வரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு புறப்பட்டால் அந்தப் பொருளைப் போய் அடைய முடியுமா என்பதுதான் அதற்குரிய ஒரே சோதனை. பெரியப்பாவின் பேச்சு அன்றைக்குக் காலையில் கடற்காற்றோடு போய்விட்டது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வருகிறவனுக்குக் கிடைக்கப்போவது பேச்சல்ல, பெரியப்பாதான். கிடைக்கவும் செய்தார். கழிமுகத்துக்குள் சாம்பல் தண்ணீர் எப்போது வந்தது, ஊர்க்கூட்டத்தில் அதைப்பற்றி யார் வாயை மூடிக்கொண்டார்கள் என்று அவர் சொன்னது உள்ளே ஒரு அத்தியாயத்தில் இருந்தது. பெயரும் தேதியும் ஊரும் பட்டியலில் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆய்வாளனாக இருக்கவேண்டியதில்லை. ஆறு மாதம் அவரோடு யாரும் வலைக்குப் போகவில்லை. "அவன்கிட்ட சொன்னேன்டா, ஊருக்கா சொன்னேன்? எம்பேர எதுக்குடா அங்க போட்டான்?" என்று என்னிடம்தான் சண்டைக்கு வந்தார்.

ஆய்வுக்காகக் கேட்கப்பட்டவர்களின் பேச்சு ஆதாரமே அல்ல, தரவு. அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடு இதைத் தெளிவாகவே பிரிக்கிறது. கடிதம், தொலைபேசிப் பேச்சு, பதிவில்லாத உரையாடல் எல்லாம் 'தனிப்பட்ட தொடர்பு'. உரைக்குள் அடைப்புக்குறியில் யார், எப்போது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும், பட்டியலுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆய்வுக்குத் தகவல் தந்தவர்களுக்கு அந்த அடைப்புக்குறியும் கிடையாது. எத்தனை பேரிடம், எந்த ஊரில், எந்த மாதத்தில் பேசினோம் என்று முறையைச் சொல்லும் இடத்தில் சொல்லிவிட்டு, 'எழுபது வயதைக் கடந்த மீனவர் ஒருவர்' என்று உரையில் எழுதினால் போதும். பெரியப்பா சொன்னதில் ஒரு எழுத்தும் குறைந்திருக்காது. அவரும் கடலுக்குப் போயிருப்பார்.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. அமெரிக்க நவீன மொழிச் சங்கம் (சுருக்கினால் எம்.எல்.ஏ. என்று வரும், கோட்டையை நினைக்கவேண்டாம்) ஆய்வாளனே எடுத்த நேர்காணலையும் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறது. சிகாகோ கையேடு அடிக்குறிப்போடு விட்டுவிடுவதையே விரும்புகிறது. பெயர் பெற்ற ஒரு எழுத்தாளரை அவர் சம்மதத்தோடு பேட்டி கண்டவருக்கு முதல் வழி பொருந்தலாம். குப்பத்துக்கு அதைக் கொண்டுவந்தால் ஆபத்து.

வாய்ச்சொல் எப்போதும் வாசலிலேயே நிற்கவேண்டியதுதானா என்றால், இல்லை. அதே பேச்சைப் பேசுபவரின் சம்மதத்தோடு பதிவு செய்து, ஒரு நூலகத்திலோ ஆவணக்காப்பகத்திலோ ஒப்படைத்து, அவர்கள் எண் கொடுத்துவிட்டால் அது பட்டியலுக்கு உரியதாகிவிடுகிறது. எண்ணைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் கிடைக்கும். உங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் ஒலிநாடா அப்படியல்ல, அது தனிப்பேச்சுதான். அந்த ஆய்வேட்டின் பட்டியலில் ஒரு ஆலோசனை நிறுவனத்தின் 'வெளியிடப்படாத அறிக்கை'யும் இருந்தது. எந்த அலுவலகத்தில், என்ன எண்ணில், எந்தத் தேதியில் என்று ஒன்றும் இல்லை. டை கட்டியவன் தட்டச்சு செய்த வதந்தி என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி கிடையாது. 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை மேலாண்மை வரைபடம் வேறு சங்கதி. எண்ணூர்க் கழிமுகத்தைக் காட்டிய அந்த வரைபடம் 2017-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வெளியே வந்தது. அச்சான நூல் அல்ல, ஆனால் அலுவலகத்தின் பெயரையும் கடித எண்ணையும் தேதியையும் போட்டால் இன்னொருவரும் மனுப் போட்டு வாங்கலாம். அது பட்டியலில் இருக்கவேண்டும்.

ஆய்வாளர்களை மட்டும் ஏசுவது சுலபம். நம் சிற்றிதழ்களில் ஒரு எழுத்தாளர் இறந்த மறுமாதமே 'அவர் என்னிடம் ஒருமுறை சொன்னார்' தொடங்கிவிடுகிறது. எழுத்தாளர் உயிரோடு இருந்தவரை மறுத்திருக்கக்கூடிய கருத்தெல்லாம் அவர் வாயில் ஏற்றப்படுகிறது. சொல்லுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? எங்கே, எந்த வருஷம், வேறு யார் கூட இருந்தார்கள் என்பதையும் சேர்த்து உரைக்குள் சொல்லுங்கள். பொறுப்பு உங்கள் தலையில் நிற்கட்டும். சுந்தர ராமசாமி 'நினைவோடை' வரிசையில் க.நா.சு.வைப்பற்றியும் செல்லப்பாவைப்பற்றியும் சொன்னவை நூலாக இருக்கின்றன. அவற்றை எடுத்தாளும்போது பட்டியலில் வரவேண்டியது சுந்தர ராமசாமியின் பெயர். க.நா.சு. சொன்னதாகச் சுந்தர ராமசாமி நினைவுகூர்ந்தது என்பதும் க.நா.சு. சொன்னது என்பதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தைக் கரைத்துவிட்டுத்தான் பாதி சண்டைகள் நடக்கின்றன.

கடிதமும் இடம் மாறும். புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதியவை பெட்டிக்குள் கிடந்தவரை, பார்த்த ஒருவர் உரைக்குள் சொல்லிப்போகவேண்டிய விஷயம். 'கண்மணி கமலாவுக்கு' என்று நூலான பிறகு அவை பட்டியலுக்கு உரியவை. எழுத்து மாறவில்லை, எட்டும் தூரம்தான் மாறியது.

கைப்பிரதியில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள், அதுவும் நட்பின் பெயரால். நண்பர் தட்டச்சுப் பிரதியைப் படிக்கக் கொடுக்கிறார், அடுத்த இதழிலேயே அதிலிருந்து நாலு வரி கட்டுரையில் வந்துவிடுகிறது. ஆசிரியருக்குத் தெரிந்து, சம்மதம் தந்து, கேட்டால் காட்டவும் தயாராக இருந்தால் பட்டியலில் சேர்க்கலாம்: பெயர், அந்தப் படியின் ஆண்டு, தலைப்பு, 'அச்சேறாத கைப்பிரதி', எங்கே இருக்கிறது. ஆண்டு முக்கியம், அடுத்த வருஷம் அவரே அந்த வரியை அடித்துவிடலாம். எந்தப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறார் என்று போடக்கூடாது. ஏற்றுக்கொள்ளப்படாத ஒன்றுக்கு அந்தப் பத்திரிகையின் மதிப்பை இரவல் வாங்கித் தருவது மோசடி. ஏற்றுக்கொண்ட பிறகு 'வெளிவரவுள்ளது' என்று போடலாம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் விதி என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று. 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் தமக்குக் கிடைத்த ஏட்டுப் பிரதிகள் யாருடையவை என்று சொல்லித்தான் நூலைத் தொடங்கினார். சிந்தாமணிக்குப் பொருள் தெரியாமல் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டறிந்ததை 'என் சரித்திர'த்தில் கதையாகவே சொல்லிவிட்டார். ஏடு கணக்கில் வந்தது, வாய்ச்சொல் கதையில் வந்தது. எந்தக் கையேட்டையும் அவர் புரட்டியிருக்கவில்லை.

ஆய்வேட்டை எழுதிய இளைஞருக்கு இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். பதில் வந்தது, நாலு பக்கம். நல்ல கடிதம், சில இடங்களில் என்னை மடக்கியும் இருக்கிறார். அதை இங்கே எடுத்துப்போட ஆசைதான். அவரிடம் இன்னும் அனுமதி கேட்கவில்லை.