இருமினால் மாரடைப்பு நிற்குமா?

குடும்பக் குழுமங்களில் உலவும் மருத்துவச் செய்திகளுள் சாகாவரம் பெற்றது ஒன்று உண்டு. நீங்கள் தனியே இருக்கும்போது நெஞ்சு வலித்து, அந்த வலி கைக்கும் தாடைக்கும் பரவினால், நினைவிழக்கப் பத்து விநாடிகளே எஞ்சியுள்ளன. ஆகவே ஆழமாக மூச்செடுத்து, இரண்டு விநாடிக்கு ஒருமுறை பலமாக இருமிக்கொண்டே இருங்கள் என்பது அதன் சாரம். பத்துப் பேருக்கு அனுப்பினால் ஓர் உயிராவது பிழைக்கும் என்ற வேண்டுகோளும் வாலில் தொங்கும். 1999 இல் ஆங்கில மின்னஞ்சலாக உலாவத் தொடங்கிய இச்செய்தி, இப்போது வட்ஸ்அப்பில் தமிழ்த் திரைப்பிடிப்பாக வந்து சேர்கிறது.

திரைப்பிடிப்பை அனுப்புபவர் அதன் கீழ் ஒரு சொல்லும் எழுதுவதில்லை. இது உண்மையா என்று கேட்கிறாரா? இதன் பொருள் என்ன என்று கேட்கிறாரா? அனுப்பிய பெரியப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்கிறாரா? எம்மவரில் விடயம் தெரிந்தோர் முதற் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, "இது பொய்" என்று எழுதி, ஓர் ஆங்கில இணைப்பையும் ஒட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று நினைக்கிறார்கள். முடியவில்லை என்பதே என் வாதம். இங்கே மொழியைத் தீர்க்காமல் உண்மையைத் தீர்க்க முடியாது.

தமிழில் 'மாரடைப்பு' என்ற ஒரே சொல் இரு வேறு நிலைகளை விழுங்கிவிடுகிறது. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபடுவது ஒன்று. அப்போது நெஞ்சு வலிக்கும், வியர்க்கும், வலி கைக்கும் தாடைக்கும் பரவும். ஆனால் இதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டுதான் இருக்கும், நோயாளி பேசுவார். மற்றையது, இதயத்தின் மின்னோட்டம் குழம்பி, இரத்தத்தை வெளியே தள்ளும் வேலை திடீரென நின்றுபோவது. அதில்தான் சில விநாடிகளில் நினைவு தப்பும்; அதன்பின் இருமவும் முடியாது. அவரது நெஞ்சை இன்னொருவர் அழுத்த வேண்டும், மின்னதிர்ச்சியும் கொடுக்க வேண்டும்.

இனி அந்தச் செய்தியை மீண்டும் வாசியுங்கள். அறிகுறிகள் முதலாவதற்கு உரியவை. பத்து விநாடிக் கணக்கு இரண்டாவதற்கு உரியது. இரண்டும் ஒட்டப்பட்டுள்ளன. ஆங்கில மூலத்திலும் இதே குழப்பம் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்கள் இருப்பதால் பிரித்துக் காட்டுவது எளிது. திடீர் மரணம் யாவற்றுக்கும் 'மாரடைப்பால் காலமானார்' என்று அச்சிட்டுப் பழகிய மொழியில், 'பொய்' என்ற முத்திரை எதையும் பிரித்துக் காட்டுவதில்லை.

அதில் உண்மை சிறிதும் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1976 இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வில், இதயக் குழாய்ப் பரிசோதனை அறையில் துடிப்புக் குழம்பிய சில நோயாளிகள், வைத்தியர் சொன்னவுடனேயே இடைவிடாது இருமியதால் 24 முதல் 39 விநாடிகள் வரை நினைவோடு இருந்தமை பதிவாகியுள்ளது. ஆனால் அங்கே திரையில் துடிப்பைப் பார்த்துக்கொண்டு வைத்தியர் நின்றார். மின்னதிர்ச்சிக் கருவி பக்கத்திலேயே இருந்தது. வீட்டில் தனியே இருப்பவருக்கு அந்தத் திரையும் இல்லை, கருவியும் இல்லை. அமெரிக்க இதயச் சங்கம் இம்முறையைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. அடைபட்ட குழாயை இருமல் திறக்காது. இருமிக்கொண்டிருக்கும் அந்த நிமிடங்களில் தொலைபேசி எடுக்கப்படாமற் போகிறது என்பதே உண்மையான ஆபத்து. "அனுப்பி வைத்தால் நட்டமில்லையே" என்பாருக்கு இதுவே பதில்.

அடுத்து, எப்படிச் சொல்வது? மூத்தவரின் மனம் நோகும் என்று அவருக்கு மட்டும் தனியே எழுதுவது எம்மவர் வழக்கம். அது பெரியப்பாவின் முகத்தைக் காக்கும். குழுமத்தில் அதை வாசித்த நாற்பது பேரையும் தவறான அறிவுரையோடு விட்டுவிடும். மரியாதைக்கும் உண்மைக்கும் இங்கே பகை இல்லை. முதலில் அவரைத் தொலைபேசியில் அழைத்து விளக்குங்கள். திருத்தத்தை அவரையே குழுமத்தில் இடச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் நீங்கள் இடுங்கள். அந்தத் திருத்தம் படமாக அன்றி எழுத்தாக இருக்கட்டும். எழுத்தைத் தேடலாம், பிரதி எடுக்கலாம், வாசிக்கக் கேட்கலாம். இவ்வளவு போதும்:

"பெரியப்பா அக்கறையோடு அனுப்பிய செய்தியில் ஒரு திருத்தம். நெஞ்சு வலித்தால் இருமிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே அம்பியுலன்ஸை அழையுங்கள்: இலங்கையில் 1990, கனடாவில் 911, இங்கிலாந்தில் 999, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112. வாசற்கதவைத் திறந்துவிட்டு உட்காருங்கள். தாமாக வாகனம் ஓட்ட வேண்டாம். ஒருவர் நினைவிழந்து, மூச்சும் சீராக இல்லையென்றால், அருகில் இருப்பவர் அம்பியுலன்ஸை அழைத்துவிட்டு, அவரது நெஞ்சின் நடுவே பலமாகவும் வேகமாகவும் அழுத்த வேண்டும்."

இதில் 'பொய்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. 'மாரடைப்பு' என்ற சொல்லும் இல்லை. வலியால் துடிப்பவருக்கு நோயின் பெயர் தேவையில்லை. எந்த எண்ணை அழுத்துவது என்பதே தேவை.