கேள்வியின்றி வரும் அட்டவணை

புள்ளியியல் பயில்வோருக்கு ஒரு விரிதாளிலிருந்து ஒட்டப்பட்ட மாதவாரி விற்பனை எண்கள் அவ்வப்போது வந்து சேர்கின்றன. உடன் ஒரு சொல்லும் இராது. "உங்கள் கேள்வி என்ன?" என்று திருப்பி அனுப்புவோர் நம்முள் சிலர். சராசரி, போக்குக்கோடு, அடுத்த ஆண்டுக்கான முன்கணிப்பு என அறிந்ததையெல்லாம் செய்து குவிப்போர் வேறு சிலர். இரண்டும் பிழை என்பது என் கருத்து. அனுப்பியவரிடம் ஒரு கவலை இருக்கிறது. அதைப் பெரும்பாலும் எண்களிலேயே தேடிக் காணலாம்.

மைசூருவில் பட்டுப்புடவை விற்கும் ஒருவர், 2024 ஜனவரி முதலான விற்பனையை 2025 நவம்பர் 12 அன்று அனுப்புகிறார் என வைத்துக்கொள்வோம். கணக்கிடும் முன் அட்டவணையைப் படிக்க வேண்டும். கடைசி வரியான நவம்பரில் இருப்பது பன்னிரண்டு நாள் விற்பனை மட்டுமே. அதை முழு மாதமாகக் கொண்டால் வணிகம் சரிந்ததுபோல் தோன்றும். எனவே அதை ஒதுக்குகிறோம்.

எஞ்சியவற்றில் கண்ணை உறுத்துவது அக்டோபர். 2024இல் 14 இலட்சம், 2025இல் 8 இலட்சம். ஏறத்தாழ 43 விழுக்காடு வீழ்ச்சி. அவரை அட்டவணை அனுப்பத் தூண்டியது இதுவாகவே இருக்கலாம். ஆனால் தசரா 2024இல் அக்டோபர் 3 முதல் 12 வரை நடந்தது. 2025இலோ செப்டம்பர் 22இல் தொடங்கி அக்டோபர் 2இல் முடிந்தது. திருவிழாவின் ஒன்பது நாள்கள் செப்டம்பருக்குள் சென்றுவிட்டன. தீபாவளி இரு ஆண்டுகளிலும் அக்டோபரிலேயே வந்ததால் அது இந்த வேறுபாட்டுக்குக் காரணமாகாது. செப்டம்பர் விற்பனை 6 இலட்சத்திலிருந்து 13 இலட்சமாக உயர்ந்திருக்கிறது. இரு மாதங்களையும் சேர்த்தால் 20 இலட்சம் 21 இலட்சமாகிறது. வீழ்ச்சி இல்லை, 5 விழுக்காடு உயர்வு.

இங்கே நிறுத்திக்கொள்வதே நேர்மை. அந்த உயர்வு கூடுதல் புடவைகள் விற்றதாலா, விலை ஏறியதாலா என்பதை ரூபாய் மட்டுமே உள்ள அட்டவணை சொல்லாது. தசரா இரண்டே முறை வந்துள்ள எண்களைக் கொண்டு அடுத்த ஆண்டை முன்கணிப்பதும் பொருந்தாது.

ஆகவே நான் பரிந்துரைக்கும் மறுமொழி சிறியது: "அக்டோபர் குறைவு குறித்து அறிய விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். அது பெரும்பாலும் தசரா முன்னதாக வந்ததன் விளைவு. செப்டம்பரையும் சேர்த்துப் பார்த்தால் விற்பனை குறையவில்லை. செப்டம்பர் 22 முதல் 30 வரையிலான நாள்வாரி விற்பனைத் தொகையை அனுப்ப இயலுமா?" அந்நாள்களில் விற்பனை குவிந்திராவிட்டால் என் விளக்கம் தவறு. நாம் கொண்ட ஊகம் தவறென்றால், அவர் ஒரு வரியில் திருத்திவிடலாம். பத்து வரைபடங்களுக்கு நடுவே ஊகம் புதைந்து கிடந்தால் அவரால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அக்டோபரைக் கண்டு அஞ்சி அடுத்த கொள்முதலைக் குறைத்துவிட்டால், அந்த இழப்பும் அவருடையதே.