கையெழுத்து வாங்கிவிட்டால் பிரச்சினை முடிந்துவிடுமா?

சமாதானக் கூட்டம் என்றால் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? தாசில்தார் அலுவலகம், இரண்டு பக்கமும் போலீஸ், நடுவில் ஒரு தாள். கையெழுத்து விழுந்ததும் "சுமுகமாக முடிந்தது" என்று செய்தி வரும். உத்தப்புரத்தில் ஊரைப் பிரித்து நின்ற சுவருக்கு ஆதிக்க சாதியினர் காட்டிய நியாயமே 1989இல் போடப்பட்ட ஓர் ஒப்பந்தம்தான். அந்தச் சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 மே வரை போராட வேண்டியிருந்தது. தாளில் கையெழுத்து இருந்தது. போட்டவர்களுக்கு மறுக்கும் நிலை இருந்ததா என்பதுதான் கேள்வி.

இதே கேள்வியை அமெரிக்காவில் ராபர்ட் புஷ், ஜோசப் ஃபோல்கர் என்ற இருவர் 1994இல் எழுதிய நூலில் வேறு விதமாகக் கேட்டார்கள். மத்தியஸ்தத்தின் வெற்றியை ஒப்பந்தத்தை வைத்து ஏன் அளக்க வேண்டும்? மோதல் மனிதரை இரண்டு வகையில் குலைக்கிறது என்றார்கள். தனக்கு என்ன வேண்டும் என்ற தெளிவு போய்விடுகிறது. எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்கும் திறனும் போய்விடுகிறது. முதலாவதைத் திரும்பப் பெறுவது வலுப்பெறுதல். இரண்டாவதைத் திரும்பப் பெறுவது அங்கீகாரம். இதுவே உருமாற்ற மத்தியஸ்தம்.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது அமெரிக்கத் தபால் துறை. 1994இல் ஃபுளோரிடாவில் சோதனையாகத் தொடங்கி, 1990களின் கடைசியில் நாடு முழுவதும் கொண்டுபோனார்கள். பாகுபாடு புகார் கொடுத்த ஊழியர் விரும்பினால் மட்டுமே பேச்சு நடக்கும். அவர் விரும்பினால் மேலதிகாரி வந்து உட்கார்ந்தாக வேண்டும். மத்தியஸ்தர் வெளியாள். ஊழியர் தன் பக்கம் ஒருவரை அழைத்து வரலாம். எத்தனை ஒப்பந்தம் போட்டார் என்று மத்தியஸ்தரை யாரும் கேட்கவில்லை. எத்தனை பேர் பேச முன்வந்தார்கள் என்பதையே துறை கணக்கில் எடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் முறையான புகார்கள் கால் பங்குக்கும் மேல் குறைந்தன.

அறைக்குள் என்ன வித்தியாசம்? ஒரு கற்பனை உதாரணம். ஓர் அலுவலகத்தின் தூய்மைப் பணியாளர் சொல்கிறார்: "எல்லாரையும் வாங்கன்னு கூப்பிடுறாரு, என்னைய மட்டும் வாடின்னு கூப்பிடுறாரு." வழக்கமான மத்தியஸ்தர் இதை "உங்களுக்குள்ள சரியான பேச்சுவார்த்தை இல்ல" என்று மழுப்பி, இடமாற்றம் வாங்கித் தந்து முடிப்பார். உருமாற்ற மத்தியஸ்தர் "மத்தவங்கள வாங்கன்னு, உங்கள மட்டும் வாடின்னு கூப்பிடுறாருன்னு சொல்றீங்க" என்று அவர் சொல்லையே கூர் மழுங்காமல் திருப்பிச் சொல்வார். இருவரும் சொன்னதை, எதில் உடன்படவில்லை என்பதையும் சேர்த்து, தொகுத்துச் சொல்வார். பிறகு கேட்பார்: "இப்ப என்ன செய்யலாம்? தொடரணுமா, நிறுத்தணுமா?" தீர்வு எதையும் அவர் முன்வைக்க மாட்டார்.

தன் சொல் அப்படியே திரும்பி வருவதைக் கேட்கும்போது அந்தப் பெண்ணுக்கு ஒன்று தெளிவாகலாம்: எனக்கு இடமாற்றம் வேண்டாம், மரியாதைதான் வேண்டும். மேலதிகாரி முதல் முறையாகத் தன் பேச்சைத் தானே கேட்கலாம். கேட்காமலும் போகலாம். அப்போது அந்தப் பெண் எழுந்து, "நான் புகாரையே நடத்துறேன்" என்று தெளிவாக முடிவெடுத்து வெளியேறினால், ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் இந்த முறையின் கணக்கில் அது தோல்வி அல்ல.

இந்த முறை கெட்டுப்போகும் இடமும் இங்கேதான். "அவர் பக்கத்தையும் கொஞ்சம் பாரும்மா" என்று பாதிக்கப்பட்டவரிடம் கேட்கத் தொடங்கினால், அங்கீகாரம் என்ற பெயரில் பழைய பணிவையே கேட்கிறோம். அங்கீகாரம் தானாக வந்தால் உண்டு. கேட்டு வாங்கினால் அது இன்னொரு கையெழுத்து. கண்டுபிடிக்கும் வழி எளிது. யார் அதிகம் விட்டுக்கொடுக்கும்படி கேட்கப்படுகிறார்? எழுந்து போனால் யாருக்கு நஷ்டம்? கூலிக்கு அவர் வயலையே நம்பியிருப்பவர் "விருப்பத்தோடு" உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்ல முடியாது.

எல்லையையும் தெளிவாக வைத்துக்கொள்வோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களைச் சமரசம் பேசி முடிக்கத்தக்கவையாகச் சட்டம் வைக்கவில்லை. அங்கே முதல் தகவல் அறிக்கைதான் முதல் வேலை. அதற்குப் பதிலாக யாராவது மத்தியஸ்தம் என்று வந்தால், பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பழைய சமாதானக் கூட்டம்தான். புகாருக்கான கதவு திறந்தே இருக்கும்போது மட்டும்தான் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. தபால் துறையில் பேச்சு முறிந்தாலும் புகார் அப்படியே இருந்தது. ஊழியருக்கு மேசையில் பலம் தந்ததும் அதுதான்.

தோழர்களே, அடுத்த முறை ஒரு சமாதானக் கூட்டத்துக்கு நம் மக்களோடு போகும்போது, தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: "இதில் கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும்?" அந்தப் பதிலில்தான் அங்கே நடப்பது மத்தியஸ்தமா, மிரட்டலா என்பது தெரியும்.