அறுபதாவது வயதில் மருத்துவ அட்டைக்கு எவ்வளவு கட்டுவீர்கள்?

மருத்துவ அட்டை வாங்கும்போது பெரும்பாலோர் கேட்பது, "மாதம் எவ்வளவு?" என்பதைத்தான். அதோடு, "என் அறுபதாவது வயதில் எவ்வளவு?" என்றும் கேட்கும்படி நான் சொல்வேன். முகவர் உடனே வயதுவாரிப் பட்டியலை எடுத்துக் காட்டுவார். ஆனால் அதில் இருப்பது இன்று அறுபது வயதான ஒருவர் கட்டும் சந்தா. நீங்கள் அறுபதைத் தொடும்போது அந்தப் பட்டியலே மாறியிருக்கும்.

சந்தா இரண்டு காரணங்களால் ஏறுகிறது. ஒன்று, வயது. மற்றொன்று, மருத்துவமனைச் செலவு கூடும்போது நிறுவனம் பட்டியல் முழுவதையும் உயர்த்துவது. இந்த இரண்டையும் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். பலருடைய கணக்கு தவறுவது இந்த இடத்தில்தான்.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் அனுமானம். உங்கள் பட்டியலில் உள்ளதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கணவன் மனைவி இருவருக்கும் வயது 40. குடும்ப வருமானம் மாதம் 8,000 ரிங்கிட், ஆண்டுக்கு 96,000. ஆளுக்கு ஆண்டுச் சந்தா 2,400 ரிங்கிட் என்றால் இருவருக்கும் 4,800. அதாவது வருமானத்தில் 5 விழுக்காடு.

இன்றைய பட்டியலில் 50 வயதுக்கு 3,600, 60 வயதுக்கு 6,000 என்று இருக்கட்டும். பட்டியல் சராசரியாக ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்கிறது, சம்பளம் 3 விழுக்காடு உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6 விழுக்காடு என்பது பத்து ஆண்டில் ஏறக்குறைய 1.8 மடங்கு, இருபது ஆண்டில் 3.2 மடங்கு.

ஐம்பது வயதில் இருவருக்கும் சேர்த்து ஏறத்தாழ 12,900 ரிங்கிட். அப்போதைய வருமானம் 129,000. சந்தாவின் பங்கு 10 விழுக்காடு. அறுபது வயதில் சந்தா 38,500, வருமானம் 173,400. பங்கு 22 விழுக்காடு. பட்டியலை மட்டும் நம்பியிருந்தால் அறுபதில் 12,000தான் என்று எண்ணி, 7 விழுக்காட்டோடு முடிந்துவிடும் என்று நினைத்திருப்போம்.

இந்தக் கணக்கில் முடிவை அதிகம் ஆட்டுவது அந்த 6 விழுக்காடுதான். அதை 4 ஆக்கினால் அறுபதில் பங்கு 15 விழுக்காடு; 8 ஆக்கினால் 32. அதனால் ஒரே எண்ணை நம்பாமல் மூன்றையும் போட்டுப் பாருங்கள். அறுபது வயதில் வேலை ஓய்வும் வந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். 22 விழுக்காடு என்பது சம்பளம் வரும்போது உள்ள பங்கு. அது நின்றதும் மாதம் 3,200 ரிங்கிட் சேமநிதியிலிருந்து போக வேண்டியிருக்கும்.

உண்மையில் உயர்வு ஆண்டுதோறும் சீராக வருவதில்லை. மூன்று ஆண்டு அமைதியாக இருந்துவிட்டு, ஒரே கடிதத்தில் 19 விழுக்காடு கேட்டால், அதுவும் ஆண்டுக்கு 6 விழுக்காடுதான். 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா அறிவித்த இடைக்கால ஏற்பாடு, 2026 இறுதி வரை, இத்தகைய உயர்வுகளைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பச் சொல்கிறது. அதனால் அடி மெதுவாக விழும். பரப்பி வைத்த உயர்வு இல்லாமல் போகாது.

முதலீட்டுடன் இணைந்த காப்புறுதியில் இந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நீங்கள் மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டுவீர்கள். உள்ளே காப்புறுதிக் கட்டணம் ஏற ஏற, அதற்காக விற்கப்படும் யூனிட்டுகள் கூடும். ஆண்டு அறிக்கையை எடுத்து, அந்த ஆண்டு கழிக்கப்பட்ட காப்புறுதிக் கட்டணத்தையும் யூனிட் வாங்கப் போன தொகையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கட்டணம் அதைத் தாண்டிவிட்டால், பழைய சேமிப்பு கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள். கூடுதலாகக் கட்டச் சொல்லும் கடிதம் பின்னால் வரும்.

சரி, என்ன செய்யலாம்? சிகிச்சைச் செலவின் முதல் பகுதியை நாமே ஏற்கும் திட்டங்களில் சந்தா குறைவு. 30 விழுக்காடு குறைகிறது என்றால், அறுபதில் 22 என்பது 15 ஆகும். ஏறும் வேகம் மாறாது, தொடங்கும் இடம்தான் இறங்குகிறது. எங்கள் எடுத்துக்காட்டில் முதலாண்டில் மிஞ்சும் 1,440 ரிங்கிட்டை அந்த முதல் பகுதிக்கென்று தனியே வைக்காவிட்டால் இந்த மாற்றத்தால் பயனில்லை.

இதை நாற்பதுகளிலேயே யோசிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வேறு நிறுவனத்துக்கு மாறும்போது உடல்நிலையைப் புதிதாக மதிப்பிடுவார்கள். சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ வந்த பிறகு மாறினால், கூடுதல் சந்தா கேட்கலாம், அந்த நோயை விலக்கலாம், விண்ணப்பத்தையே மறுக்கலாம். அதனால் முதலில் உங்கள் நிறுவனத்திலேயே அத்தகைய திட்டத்துக்கு மாற முடியுமா, மாறினால் காத்திருப்புக் காலம் மீண்டும் தொடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதில் வரும்வரை பழைய அட்டையை ரத்துச் செய்யாதீர்கள்.